நெய் விலையில் ஒரு பெருக்கல்: எவ்வளவு மலிந்தால் அது நெய் அல்ல?

கோயில் திருவிழா அன்னதானத்துக்காக எமது மன்றம் 24 கிலோ நெய் வாங்க வேண்டியிருந்தது. மூன்று இடங்களிலிருந்து விலைக்கூறல் வந்தது. முதலாமவர் கிலோ 12 யூரோ 40 சதம் என்றார். இரண்டாமவர் 11 யூரோ 80 சதம். மூன்றாமவர் 6 யூரோ 50 சதம். மூன்றும் "சுத்தமான நெய்" என்றே எழுதியிருந்தன.

கூட்டத்தில் இருந்த பலருக்கு மூன்றாவதை எடுப்பதே சரியாகப் பட்டது. இரண்டாவதோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு 5 யூரோ 30 சதம் மிச்சம். 24 கிலோவுக்கு 127 யூரோ 20 சதம். சனங்கள் சேர்த்துத் தந்த காசு, அதை வீணாக்கலாமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு வேறொரு கேள்வி வந்தது. இந்த விலைக்கு நெய்யைக் காய்ச்ச முடியுமா?

ஊரில் வணிகவியல் படித்தபோது கிரயக் கணக்கியல் என்று ஒரு பாடம் இருந்தது. ஒரு பொருளைச் செய்து முடிக்க மூலப்பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, மற்றச் செலவுகளுக்கு எவ்வளவு என்று கூட்டி, அதன் அடக்க விலையைக் காண்பதுதான் அந்தப் பாடம். அந்த அடக்க விலைக்குக் கீழே ஒருவர் விற்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது. அவர் நட்டத்துக்கு விற்கிறார், அல்லது அளவைக் குறைத்திருக்கிறார், அல்லது மூலப்பொருளை மாற்றியிருக்கிறார். தேன், நெய், குங்குமப்பூ ஆகிய மூன்றும் கலப்படத்துக்குப் பேர்போனவை. அவற்றுள் இந்தக் கணக்கை வீட்டில் இருந்தபடியே நம்பிக்கையோடு போடக்கூடியது நெய்க்குத்தான். ஏனென்றால் நெய்யின் மூலப்பொருளான பட்டர் அதே கடையில், விலை எழுதப்பட்டு, எங்கள் கண்முன்னே இருக்கிறது.

பட்டருக்குள் எவ்வளவு நெய் இருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பட்டர் என்று விற்கப்படும் பொருளில் குறைந்தது 80 வீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். தண்ணீர் 16 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மிகுதி, பாலில் உள்ள மற்றத் திண்மங்கள். ஜேர்மனியில் நாம் வாங்கும் சாதாரண 250 கிராம் பட்டரைத் திருப்பிப் பார்த்தால், சத்து அட்டவணையில் 100 கிராமுக்குக் கொழுப்பு 82 கிராம் அளவில் எழுதியிருக்கும். நெய் என்பது கிட்டத்தட்ட முழுவதும் பால்கொழுப்பு. சர்வதேச உணவுத் தரநிர்ணயமான கோடெக்ஸ் நெய்யில் 99.6 வீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்கிறது.

ஆகவே ஒரு கிலோ பட்டரைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி, அடியில் திண்மங்கள் மண்டியாகத் தங்கி, கூடியபட்சம் 820 கிராம் நெய் கிடைக்கும். வீட்டில் காய்ச்சுபவர்களுக்குத் தெரியும், அந்த மண்டியோடும் வடியோடும் சட்டியோடும் கொஞ்சம் நெய் போய்விடும். 800 கிராம் கையில் வந்தால் நல்ல காய்ச்சல். மறுபக்கமாகச் சொன்னால், ஒரு கிலோ நெய்க்கு ஒன்றேகால் கிலோ பட்டர் வேண்டும்.

ஒன்றேகால் கிலோ என்பது 250 கிராம் பட்டர்க் கட்டிகள் ஐந்து. எனவே நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு பெருக்கல்தான்: 250 கிராம் பட்டரின் விலையை ஐந்தால் பெருக்குங்கள். வருவது ஒரு கிலோ நெய்யின் அடிக்கோடு. அரைக் கிலோ நெய் என்றால் இரண்டரையால் பெருக்குங்கள்.

எந்தப் பட்டரை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். மலிவுச் சந்தையின் சொந்த முத்திரையில் வரும் சாதாரணப் பட்டரின் வழமையான விலையை எடுக்க வேண்டும். பெரிய கம்பனிப் பட்டரை எடுத்தால் அடிக்கோடு தேவையில்லாமல் உயர்ந்துவிடும். ஒரு வாரத்துக்கு மட்டும் வாடிக்கையாளரை இழுப்பதற்காகப் போடும் விளம்பர விலையை எடுத்தால் தேவையில்லாமல் தாழ்ந்துவிடும். அரைக்கொழுப்புப் பட்டர், எண்ணெய் சேர்த்து மென்மையாக்கிய பட்டர் ஆகியவற்றின் விலை இந்தக் கணக்குக்கு உதவாது. அவற்றில் பால்கொழுப்பு குறைவு.

எமது விலைக்கூறலைக் கணக்குப் போட்டோம்

அந்த வாரம் மலிவுச் சந்தையில் 250 கிராம் பட்டர் 1 யூரோ 99 சதம். கணக்குக்கு 2 யூரோ என்று வைத்தோம். ஐந்தால் பெருக்கினால் 10 யூரோ. முதல் இரண்டு விலைக்கூறல்களும் கோட்டுக்கு மேலே இருந்தன. ரின், கூலி, போக்குவரத்து, இலாபம் எல்லாம் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது கோட்டிலிருந்து 35 வீதம் கீழே.

"அவர் கடையிலே பட்டர் வாங்கிக் காய்ச்சுவாரே, அண்ணை? மொத்தமாக எடுப்பார்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். சரியான கேள்வி. ஆகவே மூன்றாமவருக்குச் சாதகமாகவே எல்லாவற்றையும் வைத்து இரண்டாவது முறை கணக்குப் போட்டோம்.

ஒரு கிலோ பட்டரின் கடை விலை 8 யூரோ. ஜேர்மனியில் உணவுப் பொருட்களுக்கான வற் வரி 7 வீதம் அதற்குள்ளே இருக்கிறது. அதைக் கழித்தால் 7 யூரோ 48 சதம். கடைக்காரரின் பங்கு, சுற்றும் தாள், வண்டிச் செலவு எல்லாவற்றுக்குமாக 15 வீதத்தைக் கழித்தோம். மலிவுச் சந்தைக்காரர் பட்டரில் பெரிய இலாபம் வைப்பதில்லை, எனவே இது தாராளமான கழிவு. மிஞ்சுவது 6 யூரோ 36 சதம். தொழிற்சாலையில் மண்டியோடு நெய் போவது குறைவு என்பதால், ஒன்றேகாலுக்குப் பதிலாக ஒரு கிலோ நெய்க்கு 1.22 கிலோ பட்டர் போதும் என்று கொண்டோம். 6.36 ஐ 1.22 ஆல் பெருக்கினால் 7 யூரோ 76 சதம். இது பால்கொழுப்பின் விலை மட்டும். ரின் இல்லை, காய்ச்சும் எரிவாயு இல்லை, கூலி இல்லை, வண்டி இல்லை, ஒருவருக்கும் ஒரு சத இலாபம் இல்லை, வரியும் இல்லை.

ரின்னுக்கும் காய்ச்சலுக்கும் வண்டிக்குமாக 60 சதம் சேர்த்து, அதற்கு மேல் 7 வீத வரியைப் போட்டால் 8 யூரோ 95 சதம். ஒரு சதமும் இலாபமில்லாமல் விற்றாலே இவ்வளவு. மூன்றாமவர் கேட்டதோ வரியோடு சேர்த்து 6 யூரோ 50 சதம். அவருடைய முழு விலையும் உள்ளே இருக்க வேண்டிய கொழுப்பின் விலைக்கே போதாது.

இதைப் பின்னோக்கியும் போடலாம். 6.50 இலிருந்து வரியைக் கழித்தால் 6 யூரோ 7 சதம். விற்பவருக்கு 15 வீதம் என்றால் 91 சதம் போகும். ரின்னும் மற்றச் செலவும் 60 சதம். உள்ளே இருக்கும் கொழுப்புக்காக மிஞ்சுவது 4 யூரோ 56 சதம். பால்கொழுப்பு கிலோ 7 யூரோ 76 சதம், மலிவான மரக்கறிக் கொழுப்பு கிலோ 1 யூரோ 40 சதம் என்று வைத்தால், 4.56 க்கு வருவதற்கு இரண்டையும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். அதாவது அந்த விற்பனையாளர் ஒரு சாதாரண வியாபாரி போல இலாபம் வைத்து விற்கிறார் என்றால், அந்த ரின்னில் கூடியபட்சம் அரைப்பங்குதான் நெய்யாக இருக்க முடியும்.

விலை குறைவதற்கு நேர்மையான காரணங்கள்

கணக்கு இவ்வளவு தெளிவாக வந்தாலும் அதைக் குற்றப்பத்திரிகையாக எடுக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழே விலை வருவதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் சந்தேகம் சந்தேகமாகும்.

முதலாவது அளவு. எமது கடைகளில் நெய் கிராமிலும் வரும், மில்லிலீற்றரிலும் வரும். நெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லீற்றர் நெய் ஏறத்தாழ 910 கிராம்தான். 500 மில்லிலீற்றர்ப் போத்தலில் இருப்பது 455 கிராம். பக்கத்திலிருக்கும் 500 கிராம் ரின்னோடு ஒப்பிட்டு "இது மலிவு" என்று எடுத்தால், மலிவின் ஒரு பங்கு அந்த 45 கிராமில் இருக்கிறது. விலைச் சீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் கிலோ விலை அல்லது லீற்றர் விலை இருக்கும். ஜேர்மன் மொழியில் அதைக் குறுண்ட்பிறைஸ் என்பார்கள். கிலோ விலையைக் கிலோ விலையோடுதான் ஒப்பிட வேண்டும். லீற்றர் விலை என்றால் அதை 0.91 ஆல் வகுத்தால் கிலோ விலை வரும்.

இரண்டாவது திகதி. பாவிக்கும் காலம் முடிய ஒன்றிரண்டு மாதங்கள் இருக்கும் சரக்கைக் கடைக்காரர் பாதி விலைக்கும் தள்ளிவிடுவார். அது நல்ல நெய்யாகவே இருக்கலாம். ரின்னில் திகதியைப் பார்த்தால் விடயம் முடிந்துவிடும்.

மூன்றாவது காலம். பட்டர் விலை நிலையாக நிற்பதில்லை. ஜேர்மனியில் 2024 இலையுதிர் காலத்தில் மலிவுச் சந்தையின் 250 கிராம் பட்டரே 2 யூரோ 39 சதத்துக்கு ஏறியது. அடுத்த ஆண்டு விலை இறங்கியது. விலை ஏறும்போது, முன்னர் மலிவாக வாங்கி வைத்த நெய்யைச் சில மாதங்களுக்கு ஒரு கடைக்காரர் பழைய விலைக்கே விற்க முடியும். அதனால் கோட்டிலிருந்து 10, 15 வீதம் கீழே இருந்தால் நாம் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

இதே காரணத்தால்தான் "நெய் கிலோ இத்தனை யூரோவுக்குக் கீழே என்றால் கலப்படம்" என்று ஓர் எண்ணை மனப்பாடம் பண்ணக் கூடாது. 250 கிராம் பட்டர் 2 யூரோ 39 சதம் விற்றபோது கோடு 11 யூரோ 95 சதம். பட்டர் 1 யூரோ 49 சதத்துக்கு வந்தால் கோடு 7 யூரோ 45 சதம். அப்போது 6 யூரோ 50 சதம் என்பது கோட்டிலிருந்து 13 வீதம் மட்டுமே கீழே. ஒரு காலத்தில் நம்ப முடியாத விலை இன்னொரு காலத்தில் நம்பக்கூடிய விலையாகிவிடும். வாங்கும் வாரத்தின் பட்டர் விலையை வைத்தே பெருக்க வேண்டும்.

நான்காவது, நட்டத்துக்கு விற்பது. தீபாவளி, நவராத்திரி நாட்களில் ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரை இழுக்க ஒரு பொருளைத் தெரிந்தே நட்டத்துக்குப் போடலாம். அப்படிப் போடும்போது "ஒருவருக்கு இரண்டு ரின் மட்டும்" என்று வரையறை வைப்பார், சில நாட்களில் நிறுத்துவார். 24 கிலோவை, இன்னும் வேண்டுமானாலும் தருகிறேன் என்று ஒருவர் கோட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கீழே தர முன்வந்தால் அது இந்த வகை அல்ல. ஒவ்வொரு ரின்னிலும் நட்டப்படுபவர் கூடுதலாக விற்க ஆசைப்பட மாட்டார்.

லேபிளைக் கேட்டோம்

மூன்றாமவரோடு நாம் சண்டை போடவில்லை. ரின்னின் பின்பக்கப் படமொன்றை அனுப்பித் தாருங்கள், மன்றக் கோவைக்கு வேண்டும் என்று கேட்டோம். அவரும் தயங்காமல் அனுப்பினார். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த நெய் என்ற சொல்லுக்கு மேலே சின்னதாக "வெஜிற்றபிள்" என்றிருந்தது. பின்பக்கத்தில் சேர்மானங்கள் என்ற இடத்தில் பாம் கொழுப்பு முதலாவதாக இருந்தது. பால் என்ற சொல்லே இல்லை. எமது பாதிக்குப் பாதிக் கணக்குக்கூட அவருக்குச் சலுகைதான்.

வெஜிற்றபிள் நெய் என்பது ஊரிலும் இந்தியாவிலும் வனஸ்பதி என்று அறியப்பட்ட பொருள். அதை அந்தப் பெயரில் விற்பதில் ஒளிவு மறைவு இல்லை. லேபிள் உண்மையைச் சொன்னது, விலைக்கூறல்தான் அதைச் சொல்லவில்லை. அந்த விற்பனையாளரே வித்தியாசம் தெரியாமல் எழுதியிருக்கவும் கூடும். விலையைக் கணக்குப் பார்த்திராவிட்டால் நாமும் பின்பக்கத்தைக் கேட்டிருக்க மாட்டோம், அன்னதானத்துக்கு வந்தவர்களுக்கு நெய்ச்சோறு என்று சொல்லிப் பாம் கொழுப்புப் போட்டிருப்போம்.

ஐரோப்பாவில் விற்கும் உணவில் சேர்மானங்களை நிறை கூடியதிலிருந்து குறைந்ததாக எழுதுவது சட்டம். ஜேர்மன் லேபிளில் புட்டர்ஷ்மால்ட்ஸ் அல்லது புட்டர்றைன்ஃபெற் என்றிருந்தால் அது பால்கொழுப்பு. ஃப்ளான்ற்சன்ஃபெற் என்றால் தாவரக் கொழுப்பு, பாம்ஃபெற் என்றால் பாம் கொழுப்பு. பூசைப் பொருட்களோடு வைக்கப்படும் விளக்கு நெய்யையும் இங்கே சொல்ல வேண்டும். அது விளக்கு எரிக்கச் செய்தது. பல போத்தல்களில் உணவுக்கு உரியதல்ல என்று எழுதியிருக்கும். அதன் மலிவைக் கண்டு சமையலுக்கு எடுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

லேபிள் பொய் சொன்னால்? அந்த இடத்தில்தான் விலைக் கணக்கு கடைசிக் காவலாக நிற்கிறது. பின்பக்கத்தில் பால்கொழுப்பு மட்டும் என்றிருந்து, அளவும் திகதியும் சரியாக இருந்து, விலை மட்டும் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீழே, அதுவும் மாதக்கணக்காக அப்படியே இருந்தால், நாம் வாங்க மாட்டோம். ஏனென்றால் உள்ளே கலந்திருப்பது என்னவென்று விலை சொல்லாது. அது தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம். சைவச் சாப்பாடு என்று நம்பி இலையில் உட்காருபவருக்கு இது 127 யூரோவைவிடப் பெரிய விடயம்.

வீட்டுப் பரிசோதனைகளை நம்பி இந்த முடிவை மாற்ற வேண்டாம். உள்ளங்கையில் உருகினால் சுத்தம் என்பார்கள். உடல் சூட்டில் உருகும் தாவரக் கொழுப்புகளும் உண்டு. அயடீன் துளி விட்டால் நீலமாகும் என்பார்கள். அது மாவுப்பொருள் இருந்தால் மட்டுமே காட்டும், எண்ணெயைக் காட்டாது. ஆய்வுகூடத்தில் பார்ப்பது வேறு. பால்கொழுப்புக்கே உரிய பியூட்டிரிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது, தாவரங்களில் மட்டும் உள்ள ஸ்டெரோல் வகைகள் தென்படுகின்றனவா என்று பார்ப்பார்கள். சந்தேகமான ரின்னைப் பற்றுச்சீட்டோடு உங்கள் நகரத்தின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் முறையிடலாம். திறந்த ரின்னை எறிந்துவிடாதீர்கள்.

குங்குமப்பூவுக்கு இதே கணக்கு

குங்குமப்பூவுக்கு மூலப்பொருள் பூ. ஒரு பூவில் மூன்று செந்நிறத் தந்துகள்தான் இருக்கும். அவற்றைக் கையால் பிரித்து உலர்த்தினால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் தேவை. அப்படியானால் ஒரு கிராமுக்கு 150 பூக்கள். இங்கே அடக்க விலையின் பெரும்பங்கு கூலி.

ஒருவர் பத்துக் கிராம் குங்குமப்பூவை 5 யூரோவுக்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம் 50 சதம். 150 பூக்களை 50 சதத்துக்குப் பிரித்தால் ஒரு சதத்துக்கு மூன்று பூ. அந்த ஒரு சதத்துக்குள் பயிரிட்டவர், விடியமுன் பறித்தவர், தந்து பிரித்தவர், உலர்த்தியவர், ஏற்றியவர், விற்றவர் எல்லோரும் அடங்க வேண்டும். ஈரானிலோ காஷ்மீரிலோ கூலி எவ்வளவு குறைவென்றாலும் இது பொருந்தி வராது. இந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் குசும்பப் பூவின் இதழ் அல்லது சாயம் ஏற்றிய நார்.

ஆனால் நெய்யைப் போல இங்கே துல்லியமான கோடு போட முடியாது. கூலி நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பொருளின் விலைச் சீட்டு எமது கடையில் தொங்குவதில்லை. போதாக்குறைக்குப் பொதி மிகச் சிறியது. ஜேர்மனியில் 10 கிராமுக்குக் குறைந்த பொதிகளுக்குக் கிலோ விலை எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே 0.1 கிராம் பைக்கற்றையும் 1 கிராம் டப்பாவையும் நாமே கிராம் விலைக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். தூளாக அல்லாமல் தந்தாக வாங்கினால் கலப்பது கொஞ்சமாவது கடினம்.

தேனில் கணக்கு எங்கே நின்றுவிடுகிறது

தேனுக்கு இந்த முறை மிகக் குறைவாகவே உதவுகிறது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் கூட்டு ஆராய்ச்சி நிலையம் 2023 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளிநாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குள் வந்த தேனில் 320 மாதிரிகளைச் சோதித்ததில், 147 இல் சீனிப்பாகு கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதாவது 46 வீதம். அதே அறிக்கைப்படி 2021 இல் இறக்குமதித் தேனின் சராசரி விலை கிலோ 2 யூரோவுக்குச் சற்று மேல். அரிசியிலிருந்து செய்யும் சீனிப்பாகோ கிலோ 40 முதல் 60 சதம்.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். சந்தையின் சராசரி விலையே கலப்படத்தால் இறங்கியிருக்கக் கூடிய நிலையில், "சராசரிக்கு அருகில்தானே இருக்கிறது" என்ற ஆறுதலுக்குப் பொருளில்லை. தேனுக்குப் பட்டர் போன்ற ஓர் அளவுகோலும் கடையில் இல்லை. கலப்பவரும் விலையைப் பாதியாக இறக்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் மலிவாக விற்றாலே அவருக்குப் போதும். உங்கள் ஊர்த் தேனீ வளர்ப்பாளரின் விலையை மேல் எல்லையாக வைத்து, அதன் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு போத்தல் தேன் கிடைத்தால் கேள்வி கேட்கலாம். அதற்கு மேல் விலை ஒன்றும் சொல்லாது.

விலைக்குப் பதிலாக இங்கே நாட்டின் பெயரைப் பார்க்க வேண்டும். "ஐரோப்பிய ஒன்றிய, ஒன்றியத்துக்கு வெளியேயான தேன்களின் கலவை" என்று மட்டும் எழுதிவிட்டு எந்த நாடு என்பதை மறைக்க இதுவரை இடமிருந்தது. 2024 இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய விதிப்படி, 2026 ஜூன் 14 முதல் எந்த நாட்டுத் தேன் எத்தனை வீதம் என்று போத்தலில் எழுத வேண்டும். பழைய லேபிளோடு ஏற்கெனவே அடைத்த போத்தல்கள் விற்று முடியும்வரை கடைகளில் இருக்கும்.

கூடிய விலை எதையும் நிரூபிப்பதில்லை

இந்தக் கணக்கு ஒரு பக்கத்துக்கு மட்டுமே வேலை செய்யும். அடக்க விலைக்குக் கீழே விற்றால் கேள்வி எழும். மேலே விற்றால் சுத்தம் என்று ஆகாது. கோடு 10 யூரோவாக இருக்கும்போது பாதி பாம் கொழுப்புக் கலந்த நெய்யை 12 யூரோவுக்கும் விற்கலாம். கெட்டிக்காரன் அப்படித்தான் விற்பான். எனவே கோட்டுக்கு மேலே இருக்கும் ரின்னுக்கும் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்.

நாம் கடைசியில் 11 யூரோ 80 சதத்துக்குத் தந்தவரிடம் வாங்கினோம். அவரிடமும் பின்பக்கப் படத்தைக் கேட்டோம், பற்றுச்சீட்டில் பொருளின் பெயரை லேபிளில் உள்ளபடியே எழுதித் தரச் சொன்னோம். இப்போது மன்றக் கோவையில் ஒவ்வொரு நெய்க் கொள்வனவோடும் இரண்டு வரிகள் இருக்கின்றன: அந்த வாரத்தின் 250 கிராம் பட்டர் விலை, அதை ஐந்தால் பெருக்கிய எண். அடுத்த ஆண்டு பொறுப்புக்கு வருபவர்கள், நாம் ஏன் மலிவானதை விட்டோம் என்று கேட்டால், விடை அந்த இரண்டு வரியிலும் இருக்கிறது.